மாம்பழத்தைச் சிந்தாமல் தின்னும் முறை

தையல் யந்திரம் ஒன்று வாங்கினால் அதனுடன் ஒரு சிறு புத்தகம் வருகிறது. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்றெல்லாம் அதில் படத்துடன் விளக்கியிருக்கிறார்கள். கைக்கடிகாரத்துக்கும் புத்தகம் உண்டு, காற்றாடிக்கும் உண்டு. ஆனால் வருஷந்தோறும் சித்திரை பிறந்ததும் கூடை கூடையாக வீட்டுக்குள் வந்து, சட்டைகளையும் மேல்துண்டுகளையும் சில சமயம் உறவு முறைகளையுமே கறைப்படுத்திவிட்டுப் போகும் மாம்பழத்துக்கு மட்டும் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. காம்போடு வருகிறது, கைப்புத்தகத்தோடு வருவதில்லை.

இந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டுக் கீழ்க்கண்ட விதிகளைத் தொகுத்திருக்கிறோம். இவை பங்கனபள்ளி என்னும் ஜாதியை உத்தேசித்து எழுதப்பட்டவை. ஆந்திர தேசத்துப் பங்கனபள்ளி என்ற ஊரின் பெயரைத் தாங்கி, 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட இந்தப் பழம் நம் நகரங்களில் தாராளமாகக் கிடைக்கிறது; நார் குறைவு; சதைப்பற்று அதிகம். ஆகவே பயிற்சிக்கு ஏற்றது. சப்பித் தின்னும் நாட்டுப் பழங்களுக்கு இவ்விதிகள் செல்லா. அவற்றைத் தின்பவர்கள் எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை என்பது பிரசித்தம்.

1. பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மல்கோவாவும் இமாம்பசந்தும் நன்றாகக் கனிந்த பிறகும் பச்சையாகவே இருப்பதுண்டு. மாறாக, பொன் போல் பளபளவென்று மின்னும் பழம் உள்ளே வெள்ளைக்காரனாக இருப்பதும் உண்டு. மூன்று இடங்களைச் சோதித்தால் போதும்.

முதலாவது, தோள். பழத்தைக் காம்பு மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். முற்றிய பழத்தில் காம்பு ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் இரு பக்கமும் தோள்கள் உயர்ந்து நிற்கும். தோள் சரிந்து காம்பு துருத்திக்கொண்டு நின்றால், அது முற்றுவதற்கு முன்பே பறித்தது. அதை எத்தனை நாள் வைக்கோலில் புதைத்து வைத்தாலும் வெம்பிப்போகுமே தவிரக் கனியாது.

இரண்டாவது, மூக்கு. இது பழத்தின் மூக்கன்று, நம்முடைய மூக்கு. காம்படியில் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். வாசனைக்குப் பதிலாகப் புளித்த நெடி வந்தால் பழத்தின் காலம் கடந்துவிட்டது.

மூன்றாவது, கட்டைவிரல். காம்புக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தினால் பழம் சிறிது இடம் கொடுக்க வேண்டும். ஆனால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கக் கூடாது. குழி நின்றால் அந்தப் பழம் அறுக்கும் பதத்தைத் தாண்டிச் சாறு பிழியும் பதத்தை அடைந்துவிட்டது என்று அறிக. கடைக்காரர் பார்க்கும்போது இந்தச் சோதனையை ஒரு பழத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்வது ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாலாவது சோதனையும் உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் பழங்களைப் போடுங்கள். முற்றியது அநேகமாக மூழ்கும், முற்றாதது மிதக்கும். கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கச் செய்வதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடையை மீறி அவ்விதம் பழுத்தவற்றில் தோல் மட்டும் ஒரே சீராக மஞ்சள் பூசிக்கொண்டு, கொட்டையைச் சுற்றி வெளுத்துப் புளித்துக் கிடக்கும். இதை அறுக்கும்போதுதான் கண்டுபிடிக்க முடியும் என்பது இந்தத் துறையில் உள்ள பெரும் சங்கடம்.

2. பூர்வாங்கம்

பழத்தைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்கள் ஏற்படுத்தியது. மாம்பழம் 'சூடு' என்றும், தண்ணீரில் போட்டால் சூடு தணியும் என்றும் அவர்கள் சொன்னார்கள். மாம்பழம் தின்ற ஒன்றிரண்டு நாள் கழித்து உதட்டோரத்தில் சிவந்து கொப்புளிப்பதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். பார்த்தது சரி, காரணம் வேறு.

காம்பை ஒடித்தால் வடிகிறதே பால், அதுதான் குற்றவாளி. மாமரம் சேராங்கொட்டை மரத்துக்கும் முந்திரி மரத்துக்கும் நெருங்கிய உறவினர். சலவைத் தொழிலாளிகள் அந்த நாளில் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேராங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் என்ன செய்யும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் குடும்பக் குணம் சிறிது மாம்பாலிலும் உண்டு; பழத்தின் தோலிலும் உண்டு. சதையில் அது அநேகமாக இல்லை. ஆகவே பாட்டியின் வாளித் தண்ணீர் உண்மையில் செய்யும் உபகாரம், தோலின்மேல் ஒழுகிக் காய்ந்த பாலைக் கழுவுவதுதான். ஊறினால் மட்டும் போதாது. காம்படியைக் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மரத்திலிருந்து அன்றே பறித்த பழமாயின் பால் பீறிடும். காம்பை முகத்துக்கு எதிராகப் பிடித்து ஒடிக்கலாகாது.

கழுவிய பின் துடைக்கவும். ஈரப் பழம் கையிலிருந்து வழுக்கும். வழுக்கிய பழம் எப்பொழுதும் மிகவும் விலையுயர்ந்த துணி இருக்கும் திசையிலேயே உருளும்.

சாமான்கள்: கூர்மையான சிறு கத்தி ஒன்று, விளிம்புள்ள தாம்பாளம் ஒன்று, ஈரத் துணி ஒன்று, கொட்டைக்கு ஒரு கிண்ணம். அரிவாள்மணையில் அறுக்கத் தெரிந்தவர்களுக்கு இக்கைப்புத்தகம் தேவையில்லை. அவர்கள் நமக்கு எழுதிக் கொடுக்கத் தகுந்தவர்கள்.

3. அறுத்தல்

இந்தப் பகுதியை இருமுறை படித்துவிட்டுக் கத்தியை எடுக்கவும்.

மாங்கொட்டை உருண்டையானதன்று, தட்டையானது. மாம்பழம் அறுப்பதில் நேரும் எல்லா அனர்த்தங்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுவதே காரணம். கொட்டை எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்பதைப் பழத்தை அறுக்காமலே தெரிந்துகொள்ளலாம். பழத்தைக் காம்பு மேலாக நிறுத்தி, நேர் மேலிருந்து பாருங்கள். பழம் வட்டமாகத் தெரியாது. சற்று நீண்ட வட்டமாகத் தெரியும். அந்த நீள வாக்கில்தான் உள்ளே கொட்டை நிற்கிறது. ஒல்லியான ஒருவர் கதவிடுக்கில் நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டால் சரியாக இருக்கும்.

முதலில் காம்படியில் ஒரு சிறு வில்லையை அறுத்து எறிந்துவிடவும். மிச்சம் பால் இருந்தால் அதோடு போய்விடும். பழம் நிற்பதற்கு ஒரு தட்டையான அடித்தளமும் கிடைக்கும். இப்பொழுது பழத்தைத் தலைகீழாக நிறுத்தி, நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, நீளவாக்கில் கத்தியை மேலிருந்து கீழாக இறக்கவும். கத்தி சத்தமின்றி இறங்கினால் வழி சரி. 'கரகர' என்று ஒலித்தால் கொட்டையை உரசுகிறது. பலத்தைப் பிரயோகிக்காமல் கத்தியைச் சிறிது வெளிப்புறமாகச் சாய்க்கவும். 'டக்' என்று நின்றுவிட்டால் பழத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடியும் ஆரம்பிக்கவும். நீங்கள் ஒல்லி மனிதரை முன்பக்கமாகத் தாக்கிவிட்டீர்கள்.

இப்படி இரண்டு பக்கமும் அறுத்தால் இரண்டு பெரிய கதுப்புகள் கிடைக்கும். நடுவில் கொட்டையும், அதன் இரு விளிம்பிலும் வில்லைப் போல் வளைந்த சதையும் நிற்கும். கொட்டையைச் சுற்றித் தோலை உரித்துவிட்டு, அந்த விளிம்புச் சதையையும் இரண்டு கீற்றாக வழித்தெடுக்கலாம். மாம்பழத்தின் நார்கள் யாவும் கொட்டையின் ஓட்டிலிருந்தே கிளம்புகின்றன. விளிம்புகளில்தான் அவை அடர்த்தி. அதனால் கதுப்பில் நார் குறைவாகவும், கீற்றில் அதிகமாகவும், கொட்டையில் நாரே பிரதானமாகவும் இருக்கக் காண்கிறோம். இந்த உண்மை ஐந்தாம் பகுதியில் மறுபடியும் நம்மைச் சந்திக்கும்.

4. உண்ணுதல்

கதுப்பைத் தோலோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சதையில் நீளத்துக்கு நாலு கோடும் அகலத்துக்கு நாலு கோடும் கத்தியால் கீறவும். கத்தி தோலைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்தபடி இருப்பது உள்ளங்கை. பிறகு தோலைப் பின்புறமிருந்து அழுத்தினால் கதுப்பு வெளிப்பக்கமாகக் குவிந்து, துண்டங்கள் தனித்தனியே எழுந்து நிற்கும். கரண்டியால் வழித்துத் தட்டில் போட்டுக்கொள்ளலாம். தோலில் வாய் படாமல் தின்பதற்கு இதுவே சிலாக்கியமான வழி. உதடு புண்ணாகிறவர்கள் இதைத் தவறாமல் கைக்கொள்ள வேண்டும்.

கரண்டியை அவமரியாதையாகக் கருதிப் பல்லாலேயே தோலைச் சுரண்டுவோம் என்று பிடிவாதம் செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: மணிக்கட்டு எப்போதும் முழங்கையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீரைப் போலவே மாம்பழச் சாறும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். பழத்தை வாய்க்கு உயர்த்துகிறவருடைய முழங்கை தொங்குகிறது. சாறு மணிக்கட்டு வழியே இறங்கி முழங்கையில் சொட்டி, அங்கிருந்து வேஷ்டியை அடைகிறது. பழம் வாய்க்கு வரக் கூடாது. வாய்தான் பழத்துக்குப் போக வேண்டும். முழங்கைகளை அகல விரித்து, முகத்தைத் தாம்பாளத்துக்கு நேரே நீட்டிக் குனிந்து உண்ணவும். இந்த நிலை கம்பீரமாயிராது. ஆனால் மாம்பழம் தின்னும்போது கம்பீரமாயிருந்தவர் யாரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் துணியில் சாறு பட்டால், காயவிடாமல் உடனே குளிர்ந்த நீரில் அலசி, சோப்பிட்டு, வெயிலில் உலர்த்தவும். பழத்தின் மஞ்சள் நிறம் வெயிலில் மங்கும் குணமுடையது. காம்புப் பாலின் கறை அப்படியன்று. அது பழுப்பேறி நிலைத்துவிடும். அந்தத் துணியை அடுத்த வருஷ மாம்பழக் காலத்துக்கென்று தனியே எடுத்து வைத்துவிடுவதே விவேகம்.

5. பங்கிடுதல்

மாம்பழ சாஸ்திரத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். கைலாசத்திலேயே ஒரே ஒரு பழம் வந்தபோது அதைப் பங்கிட முடியாமல் போட்டி வைக்க நேர்ந்ததும், அதன் பயனாக ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு பழனி மலைக்குப் போய்விட்டதும் எல்லோரும் அறிந்த கதை. அந்தப் பழத்தை அறுக்கலாகாது என்று நிபந்தனை இருந்தது. நமக்கு அவ்வித நிபந்தனை ஒன்றுமில்லை. ஆகவே நம் வீட்டில் யாரும் மலையேற வேண்டிய அவசியமில்லை.

உதாரணத்துக்கு, வீட்டில் ஐந்து பேர், பழம் ஒன்று, அதன் எடை 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தோல் 70 கிராம். வழித்துத் துடைத்த வெறுங்கொட்டை 75 கிராம். பாக்கி 355 கிராம் சதை. இதில் கதுப்பு ஒவ்வொன்றும் 125 கிராம். கீற்று ஒவ்வொன்றும் 35 கிராம். கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு 35 கிராம். பழத்துக்குப் பழம் சிறிது முன்பின் இருந்தாலும் ஏறக்குறையக் கணக்கு இதுதான்.

கவனியுங்கள்: இரண்டு கதுப்பு, இரண்டு கீற்று, ஒரு கொட்டை, ஆக ஐந்து பங்கு. வீட்டிலும் ஐந்து பேர். இயற்கையே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது போல் தோன்றுகிறதல்லவா? இந்தத் தோற்றத்தில் மயங்கித்தான் நம் வீடுகளில் தொன்றுதொட்டுப் பங்கீடு நடந்து வருகிறது. ஒரு கதுப்பு குடும்பத் தலைவருக்கு. மற்றொரு கதுப்பு, பரீட்சைக்குப் படிக்கும் மூத்த பிள்ளைக்கு. கீற்றுகள் சின்னக் குழந்தைகள் இருவருக்கும். பழத்தைக் கழுவி, துடைத்து, அறுத்து, எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த அம்மாவுக்குக் கொட்டை.

ஏன் என்று கேட்டால், "அம்மாவுக்குக் கொட்டைதான் பிடிக்கும்" என்று ஒரே குரலில் பதில் வருகிறது. அம்மாவைக் கேட்டால் அவளும், "ஆமாம், கொட்டையில்தான் ருசி" என்கிறாள். இந்த ருசி எப்போது ஏற்பட்டது என்று விசாரித்தால், கலியாணத்துக்கு முன் பிறந்த வீட்டில் அவளும் கதுப்புத் தின்றவள்தான் என்று தெரியவருகிறது. ஆக, கொட்டையில் ருசி என்பது நாக்கின் குணமன்று; பதவியின் குணம். மேலே சொன்ன கணக்குப்படி, கதுப்புப் பெற்றவருக்கு 125 கிராம் சதை உழைப்பின்றிக் கிடைக்கிறது. கொட்டை பெற்றவருக்கு 35 கிராம், அதுவும் நாரோடு மல்லுக்கட்டிய பிறகு. நீலம் முதலிய பின்பருவப் பழங்களில் கொட்டைக்குள் சில சமயம் ஒரு கரு வண்டும் குடியிருக்கும். பிஞ்சின்மேல் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு துளைத்துக்கொண்டு உள்ளே போனபின், புண் ஆறித் துளை மூடிவிடுகிறது. அதனால் வெளியே அடையாளம் தெரிவதில்லை. அந்த எதிர்பாராத விருந்தாளியை வரவேற்கும் பொறுப்பும் கொட்டைக்காரருடையதே.

திருத்திய பங்கீடு வருமாறு: கதுப்புகளையும் கீற்றுகளையும் துண்டம் போட்டு ஒரே தட்டில் கலக்கவும். மொத்தம் 320 கிராம். கொட்டையில் 35. ஆக 355-ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 71 கிராம். கொட்டை யாருக்குப் போகிறதோ அவருக்குத் தட்டிலிருந்து 36 கிராம் துண்டங்களும் கொடுத்துவிட்டால், கொட்டையோடு சேர்ந்து 71 ஆகிவிடும். மற்ற நால்வரும் 71 வீதம் எடுத்தால் 284; முப்பத்தாறும் அதுவும் சேர்ந்து 320. தட்டில் ஒரு துண்டமும் மிஞ்சாது. தராசைத் தேடி ஓட வேண்டாம். கொட்டைக்காரருக்கு மற்றவர்களின் பங்கில் பாதி என்று கண்ணளவில் வைத்தாலே போதும்.

கொட்டை யாருக்கு என்பதை முறை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். சமையலறைச் சுவரில் ஐந்து பெயர்களையும் எழுதி, பழம் அறுக்கும் நாள்தோறும் ஒரு பெயருக்கு நேரே கோடு போடவும். முதல் கோடு குடும்பத் தலைவர் பெயருக்கு நேரே. அவர், "எனக்குப் பல் கூசுகிறது" என்று ஆட்சேபித்தால் அது செல்லாது. இத்தனை வருஷமாக அம்மாவின் பல்லை யாரும் விசாரித்ததில்லை.

6. பின்காரியம்

கொட்டை பெற்றவர் நாரைப் பல்லிடுக்கிலிருந்து பொதுஜனங்களின் முன்னிலையில் எடுக்கலாகாது. பல் துலக்கும் பஞ்சநூல் கிடைக்கும் இந்தக் காலத்தில் குண்டூசியை உபயோகிப்பது மன்னிக்க முடியாதது. தாம்பாளத்தை உடனே கழுவவும். பத்து நிமிஷம் தாமதித்தால் எறும்புகள் தமக்கும் முறை உண்டென்று வந்துவிடும். தோலை மாட்டுக்குக் கொடுக்கலாம். மாடில்லாத வீட்டில் குப்பை உரக் குழியில் போடலாம்.

கொட்டையைக் கொல்லையில் நடுவதில் ஆட்சேபமில்லை. ஆனால் பங்கனபள்ளிக் கொட்டையில் முளைக்கும் செடி பங்கனபள்ளியாகவே காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த மரத்தின் மகரந்தத்தில் கருவுற்றதோ, அதன் குணமும் அந்த விதையில் கலந்திருக்கும். அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். கொட்டையில் முளைத்தது காய்க்கவும் பல வருஷம் ஆகும். காய்க்கும்போது பழம் எப்படி இருந்தாலும், கதுப்பு இரண்டும் கொட்டை ஒன்றுமாகத்தான் இருக்கும். அதற்குள் சுவரிலுள்ள ஜாபிதாவில் கோடுகள் ஒழுங்காக ஏறியிருக்குமானால், அந்தப் பழத்தை யார் அறுத்தாலும் சண்டை வராது.